சினை மாடு, செம்மறி அடி தள்ளினால் என்ன செய்வது: உள்ளே வைக்கும் முறையும் தையலும், முழுமையான வழிகாட்டி

சினை மாடு படுத்திருக்கும்போது பின்னால் சிவப்பாக ஒரு உருண்டை எட்டிப் பார்க்கிறது, எழுந்து நின்றால் உள்ளே போய்விடுகிறது. கிராமத்தில் இதை அடி தள்ளுது, உறுப்பு தள்ளுது என்பார்கள். பல பேர் இதைப் பார்த்துவிட்டு "கருப்பை வெளியே வந்துடுச்சு" என்று பதறிப் போன் செய்வார்கள். வந்தது கருப்பை இல்லை, யோனியின் சுவர்தான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும், மருத்துவரிடம் சரியாகவும் சொல்ல முடியும்.

கருப்பை தள்ளுவது கன்று போட்ட பிறகு, பெரும்பாலும் போட்ட சில மணி நேரத்துக்குள். பெரிய பையாக முழங்கால் வரைக்கும் தொங்கும், மேலெல்லாம் காளான் மாதிரி மொட்டு மொட்டாக இருக்கும், அந்த மொட்டுகளில் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டிருக்கும். யோனி தள்ளுவது பெரும்பாலும் கன்று போடுவதற்கு முன்னால், மாட்டில் ஏழாம் மாதத்துக்கு மேல், செம்மறியில் கடைசி மூன்று நான்கு வாரத்தில். இது வழவழவென்று இருக்கும், மொட்டு எதுவும் இருக்காது. மாட்டில் ஆரஞ்சுப் பழ அளவில் தொடங்கி கவனிக்காமல் விட்டால் கால்பந்து அளவுக்குப் போகும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரப்பு ஊசி போடுவதும் தையல் போடுவதும் கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. தமிழ்நாட்டில் 1962-க்குக் கூப்பிட்டால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும். ஆனாலும் அந்த வேலை எப்படி நடக்கிறது, எது சரியான தையல், எது சும்மா தோலைப் பிடித்து இழுத்த தையல் என்று மாடு வைத்திருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தையல் போட்டுவிட்டு மருத்துவர் போய்விடுவார். அதை எப்போது அவிழ்ப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கப் போவது நீங்கள்தான்.

ஏன் தள்ளுகிறது

சினையின் கடைசிக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன், ரிலாக்சின் என்ற சுரப்புகள் கூடும். இடுப்பெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்களும் யோனியைப் பிடித்து வைத்திருக்கும் இணைப்புத் திசுவும் தளர வேண்டும், அப்போதுதான் கன்று வெளியே வர வழி கிடைக்கும். இது எல்லா மாட்டுக்கும் நடக்கிற இயல்பான விஷயம். சில மாட்டில் அந்தத் தளர்ச்சி அளவுக்கு மேல் போகிறது, அதே சமயம் வயிற்றுக்குள் அழுத்தமும் கூடுகிறது. கன்று ஒரு பக்கம், தீனி நிரம்பிய இரைப்பை ஒரு பக்கம், கொழுப்பு இருந்தால் அதுவும். நிற்கும்போது இந்த எடை எல்லாம் வயிற்றின் அடிப்பக்கம் தாங்கிக்கொள்ளும். படுத்ததும் எல்லாம் பின்னோக்கி இடுப்புக்குள் தள்ளும். அதனால்தான் ஆரம்பத்தில் படுக்கும்போது மட்டும் தெரிகிறது.

அப்புறம் நடப்பதுதான் மோசம். வெளியே வந்த சவ்வு காற்றுப்பட்டுக் காயும், சாணி ஒட்டும், வால் தேய்க்கும், எரிச்சல் வரும். எரிச்சல் வந்ததும் மாடு முக்கும். முக்கினால் இன்னும் கொஞ்சம் வெளியே வரும். ரத்தம் திரும்பிப் போகும் நாளம் நசுங்குவதால் வீக்கம் ஏறும், வீங்கினால் தானாக உள்ளே போகாது. இந்தச் சுற்று ஒரு ராத்திரியில் கூட நடந்துவிடும். மாலையில் சின்னதாக எட்டிப் பார்த்தது காலையில் கருப்பை வாய் வரைக்கும் வெளியே நிற்கும்.

நம் ஊர்த் தொழுவங்களில் நான் அதிகம் பார்க்கும் காரணம் தரை. மூத்திரம் வடிய வேண்டும் என்று பின்பக்கம் சரிவாகக் கட்டிவிடுகிறோம், அது தேவைதான். ஆனால் பல இடங்களில் சரிவு அளவுக்கு மீறி இருக்கிறது, மாட்டை நாள் முழுக்க அதே இடத்தில் குட்டைக் கயிற்றில் கட்டியும் வைக்கிறோம். சினை மாடு அந்தச் சரிவில் பின்பக்கம் தாழ்ந்து படுத்தால் வயிற்று எடை முழுக்க இடுப்பில்தான் இறங்கும். நடை இல்லாததால் தசையும் வலுவில்லாமல் இருக்கும்.

அடுத்தது தீனி. வைக்கோலோ சோளத்தட்டோ ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுத்தால் இரைப்பை பெருத்து அழுத்தும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும் நஞ்சு உண்டு, அதைத் தின்றால் தளர்ச்சி கூடும். கால்சியம் குறைவாக இருந்தால் தசை பிடிப்பு இழக்கும். போன ஈற்றில் கன்றை இழுத்து எடுத்து யோனி கிழிந்திருந்தால், அந்த இடம் பலவீனமாகவே இருக்கும். இதற்கெல்லாம் மேல் பரம்பரை இருக்கிறது. தாய்க்கு வந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம், இந்த ஈற்றில் வந்தால் அடுத்த ஈற்றில் திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். எருமை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், முர்ரா எருமையில் இது அடிக்கடி வருகிற தொல்லை.

எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

படுக்கும்போது வந்து, நின்றதும் தானாகப் போய்விட்டால் அது முதல் நிலை. இதற்குத் தையல் வேண்டியதில்லை. பின்பக்கத்தை உயர்த்திக் கட்டினாலே பல மாடுகள் கன்று போடும் வரை தாங்கிவிடும். நின்ற பிறகும் உள்ளே போகாமல் வெளியிலேயே இருந்தால் இரண்டாம் நிலை. உருண்டையின் நடுவில் கருப்பை வாய் தெரிந்தால் மூன்றாம் நிலை. கருப்பை வாயில் கெட்டியான பசை போன்ற சளி அடைத்திருக்கும். அது அப்படியே இருந்தால் நல்லது, கரைந்து நீராக வழிந்தால் ஈற்று தொடங்கிவிட்டதா, உள்ளே தொற்று ஏறுகிறதா என்று பார்த்தாக வேண்டும். நாள்கணக்கில் வெளியே கிடந்து கறுத்து, தொட்டால் குளிர்ந்து, நாற்றம் அடித்தால் திசு செத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் அப்படியே உள்ளே தள்ளித் தைப்பது ஆபத்து.

இரண்டாம் நிலையைத் தாண்டிய எந்த மாட்டிலும் மூத்திரத்தைப் பற்றி முதலில் கேளுங்கள். யோனியின் தரைப்பகுதி வெளியே வரும்போது மூத்திரப்பையும் அதனுடன் மடங்கி வந்து உருண்டைக்குள் மாட்டிக்கொள்ளும். மூத்திரக்குழாய் மடிந்துவிடும், மூத்திரம் போகாது, பை நிரம்ப நிரம்ப உருண்டை பெரிதாகும், மாடு இன்னும் முக்கும். "எவ்வளவு தள்ளினாலும் உள்ளே போகமாட்டேங்குது" என்று சொல்லும் பல இடங்களில் பிரச்சினை வீக்கம் மட்டும் இல்லை, உள்ளே நிரம்பி நிற்கும் மூத்திரப்பைதான்.

மருத்துவர் வரும் வரை நீங்கள் செய்ய வேண்டியது

மாட்டை எழுப்பி நிறுத்துங்கள். பின்பக்கம் உயரமாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்படி இடம் இல்லை என்றால் பின்னங்கால் நிற்கும் இடத்தில் மண்ணைக் கொட்டி அரை அடி உயர்த்துங்கள். வாலை ஒரு பக்கமாக இழுத்துக் கழுத்துக் கயிற்றில் கட்டிவிடுங்கள். நாய், காக்கை, கோழி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. காக்கை கொத்திவிட்டால் ரத்தப்போக்கு நிற்காது.

சுத்தமான குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருந்தால் தண்ணீர் வெளிர் ரோஸ் நிறத்துக்கு வரும் அளவு மட்டும் போடுங்கள், அடர்த்தியாகப் போட்டால் சவ்வு வெந்துவிடும். கழுவிய பிறகு சுத்தமான வெள்ளைத் துணியை நனைத்துச் சுற்றி, கை இரண்டையும் கீழே கொடுத்து உருண்டையைத் தாங்கிப் பிடியுங்கள். தாங்கிப் பிடித்தாலே வீக்கம் ஏறுவது நிற்கும். அப்படியே மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள், மடிந்த மூத்திரக்குழாய் நேராகிச் சில மாடுகள் அப்போதே பீறிட்டு மூத்திரம் விடும். இதை மட்டும் செய்துவிட்டாலே மருத்துவர் வந்து செய்ய வேண்டிய வேலை பாதி எளிதாகிவிடும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. மண்ணெண்ணெய், மிளகாய், சாம்பல், சுண்ணாம்பு எதையும் பூசாதீர்கள். கள்ளிப்பால் தடவுவதும் வேண்டாம். விரல் நுனியால் குத்தித் தள்ளாதீர்கள், வீங்கிய சவ்வு ஈரக் காகிதம் போலக் கிழியும். சாக்கு ஊசியும் நைலான் கயிறும் எடுத்துக்கொண்டு நீங்களே தைக்கப் போகாதீர்கள். வெளியே வந்ததை உள்ளே வைக்காமல் மேல் தோலை மட்டும் தைத்துவைத்த மாடுகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே மூத்திரப்பை மடிந்தபடியே கிடக்கும், மாடு முக்கி முக்கித் தோலைக் கிழித்துவிடும்.

மரப்பு ஊசி: இதில்லாமல் தொடங்கக்கூடாது

மாடு முக்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு ஆள் பலத்தில் தள்ளினாலும் உள்ளே நிற்காது. முக்குவதை நிறுத்துவதற்குத்தான் வால் எலும்பில் போடும் எபிடியூரல் ஊசி. வாலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால், திரிகம் என்ற அசையாத இடுப்பு முதுகெலும்புக்குப் பின்னால் அசைகிற முதல் பள்ளம் விரலுக்குத் தெரியும். அந்த இடத்து முடியை வழித்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டோ அயோடினோ தடவ வேண்டும். தொற்று தண்டுவடத்துக்குள் போகும் இடம் இது, அவசரப்படக்கூடாது.

18 எண் ஊசியை நடுக்கோட்டில் இறக்கி, ஊசியின் வாயில் ஒரு சொட்டு மருந்து வைத்துக்கொண்டு மெதுவாக முன்னேற்றுவோம். சரியான இடத்துக்குப் போனதும் அந்தச் சொட்டு உள்ளே உறிஞ்சப்படும். அப்புறம் மருந்தைச் செலுத்தினால் எந்தத் தடையும் இல்லாமல் போகும். தடை இருந்தால் ஊசி எலும்பிலோ தசைநாரிலோ நிற்கிறது, கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி தேட வேண்டும். 2 சதவீத லிக்னோகெய்ன், நடுத்தர அளவு மாட்டுக்கு 5 மில்லி போதும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் வால் துவண்டு தொங்கும், ஆசனவாயைத் தொட்டால் சுருங்காது. அதுவரை பொறுத்திருக்க வேண்டும். நன்றாக மரக்கட்டும் என்று அளவைக் கூட்டினால் பின்னங்கால் மரத்து மாடு உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த மாட்டில் வேலை செய்வது பெரும்பாடு.

சினை மாட்டில் சைலசின் கொடுத்தால் கருப்பை சுருங்கத் தொடங்கலாம் என்பதால் நான் அதைத் தவிர்ப்பேன். வீக்கத்துக்கு என்று டெக்சாமெதசோன் போடச் சொல்லி மருந்துக் கடையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடைசி மாதங்களில் அது ஈற்றையே முன்கூட்டித் தூண்டிவிடும்.

உள்ளே வைப்பது

மரத்ததும் உருண்டையை மறுபடி நன்றாகக் கழுவி, சவ்வில் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்போம். சின்னக் கிழிசல் என்றால் கரையும் நூலால் தைத்துவிடலாம். அதன் பிறகு மூத்திரப்பை. தூக்கிப் பிடித்தும் மூத்திரம் வரவில்லை என்றால் கீழ்ப்பக்கம் மூத்திரத் துவாரத்தைத் தேடிக் குழாய் விட்டு வடிக்கலாம், அதுவும் முடியாவிட்டால் மருத்துவர் உருண்டையின் சுவர் வழியாக ஊசி போட்டு மூத்திரத்தை இழுத்து எடுப்பார்.

வீக்கம் அதிகமாக இருந்தால் உடனே தள்ளக்கூடாது. ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, இரண்டு உள்ளங்கையாலும் சீராக அழுத்திக்கொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நன்றாகச் சுருங்கும். சர்க்கரை தூவினால் சவ்விலிருந்து நீரை இழுக்கும், பலன் உண்டு. ஆனால் வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றி முழுக்கக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பும் ஈயும் வந்துவிடும்.

சுருங்கியதும் வழுவழுப்பான ஜெல்லை நன்றாகத் தடவுங்கள். பிறப்புறுப்பின் உதட்டை ஒட்டியிருக்கும் பகுதியில் தொடங்கி, மாடு மூச்சு விடும் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கையால் உள்ளே அனுப்ப வேண்டும். கடைசியில் கருப்பை வாயும் அதைச் சுற்றிய பகுதியும் மிஞ்சும், அதை மூடிய முட்டியால் உள்ளே தள்ளிக் கை போகும் தூரம் வரை கொண்டுபோய் நேராக்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பாதி மடிப்பு உள்ளேயே சுருண்டு நின்றால் வெளியில் பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கும், மாட்டுக்கு மட்டும் முக்கும் உணர்வு போகாது. கையை உள்ளேயே சில நிமிடம் வைத்திருந்து, சுற்றிலும் தடவி, மடிப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கையை எடுக்க வேண்டும்.

தையல்: எது தாங்கும், எது தாங்காது

உதட்டின் மென்மையான தோலில் நாலு தையல் போட்டால் தாங்காது. மரப்பு போனதும் மாடு ஒரு முறை முக்கினால் நூல் தோலைக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு வந்துவிடும். தையல் நிற்க வேண்டியது ஆழத்தில்.

இதற்குச் சிறந்தது பூனர் தையல். யோனியின் வாசலைச் சுற்றி இயற்கையிலேயே ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. அது தளர்ந்ததால்தான் உருண்டை வெளியே வந்தது. அந்தத் தசை இருக்கும் ஆழத்தில் ஒரு பட்டை நாடாவைச் சுற்றிவிட்டுச் சுருக்குவதுதான் இந்த முறை. வேண்டியது பூனர் ஊசி, அதாவது ஏறக்குறைய ஒரு அடி நீளமும் நுனியில் கண்ணும் உள்ள ஊசி. கூடவே கிருமிநாசினியில் ஊறவைத்த அகலமான தையல் நாடா. மெல்லிய நூல் கூடாது, அது அறுக்கும்.

உதடுகள் கீழே சேரும் இடத்துக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் கீழே, நடுக்கோட்டில், தோலில் ஒரு சென்டிமீட்டர் வெட்டு. மேலே உதடுகள் சேரும் இடத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இன்னொரு வெட்டு. ஊசியைக் கீழ் வெட்டில் நுழைத்து, ஒரு கையை யோனிக்குள் வைத்துக்கொண்டு, ஊசி போகும் பாதையை உள்ளிருந்து தடவிக்கொண்டே ஒரு பக்கமாக மேலே கொண்டுபோக வேண்டும். ஆழம் மாட்டில் 5 முதல் 8 சென்டிமீட்டர். ஊசி யோனிக்குள்ளும் எட்டிப் பார்க்கக்கூடாது, மலக்குடலிலும் குத்தக்கூடாது, அதற்குத்தான் உள்ளே கை. மேல் வெட்டில் நுனி வெளியே வந்ததும் கண்ணில் நாடாவைக் கோத்து, ஊசியை வந்த வழியே கீழே இழுத்தால் நாடாவின் ஒரு முனை கீழே வந்துவிடும். இப்போது ஊசியை மறு பக்கமாக அதே ஆழத்தில் மேலே அனுப்பி, நாடாவின் மேல் முனையைக் கோத்துக் கீழே இழுக்க வேண்டும். இரண்டு முனையும் கீழ் வெட்டில் சேர்ந்துவிடும், மேலே நாடா தோலுக்கு அடியில் புதைந்துவிடும்.

இரண்டு முனையையும் இழுத்து, மாட்டில் மூன்று விரல் தாராளமாக நுழையும் அளவுக்குச் சுருக்கி, இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். இறுக்கினால் மூத்திரம் போகாது, தளர்த்தினால் திரும்பத் தள்ளும். முடிச்சின் முனைகளை ஒரு விரல் நீளத்துக்கு மேல் தொங்க விட வேண்டும். நடுராத்திரியில் கன்று வரும்போது வீட்டிலிருப்பவர் டார்ச் வெளிச்சத்தில் தேடி அவிழ்க்க வேண்டியிருக்கும்.

பூனர் ஊசி கையில் இல்லாத மருத்துவர்கள் குறுக்குவாட்டுத் தையல் போடுவார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு நிபந்தனை. ஊசி குத்தும் இடம் உதட்டில் இருக்கக்கூடாது, முடி முளைக்கும் தடித்த தோலில் இருக்க வேண்டும். தையலுக்கும் தோலுக்கும் நடுவில் குளுக்கோஸ் ஏற்றும் ரப்பர் குழாயைத் துண்டு துண்டாக வெட்டிக் கோத்துவிட்டால் நூல் தோலில் பதியாது. மேலே இரண்டு, நடுவில் ஒன்று என்று போட்டுக் கீழ்ப்பகுதியை மூத்திரத்துக்காக விட்டுவிட வேண்டும்.

கயிறு கட்டு என்று ஒன்று இருக்கிறது, கிராமத்துப் பெரியவர்களுக்கும் தெரியும். நெஞ்சைச் சுற்றி ஒரு கயிறு, அதிலிருந்து முதுகு வழியாக இரண்டு கயிறு பின்னால் வந்து பிறப்புறுப்பின் இரு பக்கமும் அழுத்தும்படி கீழே போய், தொடை இடுக்கு வழியாக முன்னால் வந்து நெஞ்சுக் கயிற்றில் சேரும். உருண்டையை உள்ளே வைத்த பிறகு கட்டினால் லேசான நிலையில் நன்றாகத் தாங்கும், தையலுக்குத் துணையாகவும் இருக்கும். பருத்திக் கயிறாக இருக்கட்டும், உரசும் இடத்தில் துணி சுற்றுங்கள், தினமும் அவிழ்த்துப் புண் பார்த்துக் கட்டுங்கள்.

எதற்கும் அடங்காமல் திரும்பத் திரும்பத் தள்ளும் மாட்டுக்கு யோனியின் சுவரையே இடுப்புத் தசைநாரோடு பிணைக்கும் முறையும் உண்டு. பக்கத்தில் பெரிய நரம்பும் ரத்தநாளமும் ஓடுவதால் அதை மருத்துவமனையில் செய்வதுதான் நல்லது.

ஒரு மாட்டின் கதை

ஜெர்சி கலப்பு, மூன்றாவது சினை, எட்டு மாதம் முடிந்திருந்தது. முதல் நாள் மாலையில் படுத்திருக்கும்போது கொஞ்சம் தெரிந்ததாகச் சொன்னார்கள். காலையில் பெரிய தேங்காய் அளவுக்கு வெளியே நின்றது, கருப்பை வாய் தெரிந்தது, சளி அடைப்பு அப்படியே இருந்தது. வீட்டு அம்மா சொன்னார்: "ராத்திரியிலிருந்து மூத்திரமே போகலைங்க டாக்டர், முக்கிக்கிட்டே இருக்கு." தொழுவத்தைப் பார்த்தால் சிமெண்ட் தரை, சாக்கடைப் பக்கம் நல்ல சரிவு. பால் வற்றிய மாடு என்று அடர்தீவனத்தை அடியோடு நிறுத்திவிட்டு, காய்ந்த சோளத்தட்டை மட்டும் மாலையில் மொத்தமாகப் போட்டிருந்தார்கள்.

முதலில் மாட்டை வெளியே கொண்டுவந்து களத்து மேட்டில் பின்பக்கம் உயர நிறுத்தினோம். கழுவிவிட்டு இருவர் துணியில் தாங்கித் தூக்கியதும் மூத்திரம் கொட்டியது, உருண்டை கண் முன்னாலேயே சுருங்கியது. 5 மில்லி லிக்னோகெய்ன் போட்டு, வால் துவளும் வரை ஐஸ் துணியால் அழுத்திக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு உள்ளே வைப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பூனர் தையல், மூன்று விரல் இடைவெளி. கால்சியம் போரோகுளுக்கோனேட் நரம்பில் மெதுவாக ஏற்றினோம், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே. ஆன்டிபயாடிக் ஐந்து நாள், வலி ஊசி. ஈற்றுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்ததால் நீண்ட நாள் வேலை செய்யும் புரோஜெஸ்டிரோன் ஊசியும் போட்டோம். ஈற்றுத் தேதி நெருங்கிவிட்ட மாட்டுக்கு இதைப் போடக்கூடாது, ஈற்றைத் தள்ளிப்போட்டுச் சிக்கலாக்கும். அதனால் சினை ஊசி போட்ட தேதி எழுதி வைத்திருக்கிறீர்களா என்று எப்போதும் கேட்போம்.

தொழுவத்தில் பின்னங்கால் நிற்கும் இடத்தில் செங்கல்லும் மண்ணும் போட்டு அரை அடி உயர்த்தி, மேலே ரப்பர் பாய் விரிக்கச் சொன்னேன். தட்டையை நறுக்கி நாலு வேளையாகப் பிரித்து, கொஞ்சம் அடர்தீவனமும் தாது உப்பும் சேர்த்தார்கள். காலையும் மாலையும் கொஞ்ச தூரம் நடத்தினார்கள். நாலாவது வாரத்தில் மடி இறங்கி, வாலின் இரு பக்கமும் குழி விழுந்ததும் போன் வந்தது. அன்றே நாடாவை அவிழ்த்தோம். அடுத்த நாள் காலை கிடேரிக்கன்று, தானாகவே போட்டது. ஈன்ற பிறகு கருப்பையும் தள்ளிவிடாமல் இருக்க, நஞ்சு விழும் வரை மாட்டைப் படுக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

செம்மறி என்றால் மாறுவது என்ன

நம் ஊர்ச் செம்மறிகள் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும், அதனால் இங்கே இது குறைவு. இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் இரட்டை, மூன்று குட்டி சாதாரணம், அங்கே இது பெரிய தலைவலி. வாலை ரொம்பக் குட்டையாக வெட்டுவதும் அங்கே ஒரு காரணம். இப்போது இரட்டைக் குட்டிக்காக வளர்க்கப்படும் சுவர்ணா போன்ற இனங்களை வைத்திருப்பவர்கள், கொட்டிலில் வைத்து நன்றாகத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

எபிடியூரல் இதற்கும் உண்டு, ஆனால் 2 சதவீத லிக்னோகெய்ன் 1 முதல் 2 மில்லிக்குள்தான். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் லிக்னோகெய்ன் அளவு மீறினால் வலிப்பு வரும். மரத்த பிறகு ஒருவர் பின்னங்கால்களைத் தூக்கிப் பிடித்தால் குடலும் குட்டியும் முன்னால் சரிந்து, உருண்டை எளிதாக உள்ளே போகும். வயிறு நெஞ்சை அழுத்தி மூச்சு முட்டும் என்பதால் அதிக நேரம் அப்படி வைத்திருக்கக்கூடாது.

குளிர்நாடுகளில் கரண்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தடுப்பை யோனிக்குள் வைத்து, அதன் இரு கைகளையும் இடுப்புக் கம்பளியில் கட்டிவிடுவார்கள். நம் மேச்சேரி ஆட்டுக்குக் கட்டுவதற்குக் கம்பளியே இல்லை, அதனால் இங்கே கயிறு கட்டுதான் முதல் வழி. கயிறு கட்டோடு குட்டியே போட்டுவிடும் ஆடுகளும் உண்டு, அந்த வகையில் தையலைவிடப் பாதுகாப்பு. அதற்கும் அடங்காவிட்டால் சின்ன ஊசியில் பூனர் தையல், ஒரு விரல் தாராளமாகப் போகும் இடைவெளி விட்டு. சுத்தமில்லாத கொட்டிலில் தைத்தால் டெட்டனஸ் தடுப்பு ஊசி போட மறக்காதீர்கள்.

செம்மறியில் இரண்டு விஷயம் கண் வைத்திருக்க வேண்டும். தள்ளிய ஆடு வலியில் தீனி எடுக்காது. இரட்டைக் குட்டி வயிற்றில் இருக்கும் ஆடு இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, கண் தெரியாத மாதிரி சுவரில் முட்டி நின்று, அப்புறம் விழுந்துவிடும். அதனால் தையல் போட்ட அன்றே தானியமும் வெல்லத் தண்ணீரும் கொடுத்துத் தின்ன வைக்க வேண்டும். இரண்டாவது, யோனிச் சுவர் கிழிந்து குடல் வெளியே வருவது. திடீரென நடக்கும், ஆடு பிழைக்காது. குட்டி உயிரோடு இருந்தால் உடனே வயிற்றைத் திறந்து எடுக்கலாம், நேரம் மிகக் குறைவு.

தையலுக்குப் பிறகு

தினமும் மூத்திரம் போகிறதா பாருங்கள். தையல் இடத்தில் வீக்கம், சீழ், நாற்றம், காய்ச்சல் இருந்தால் சொல்லுங்கள். ஈ மொய்க்காமல் மருந்து தெளியுங்கள், புழு வைத்துவிட்டால் எல்லாம் வீண். மரப்பு போன பிறகும் மணிக்கணக்கில் முக்கிக்கொண்டே இருந்தால் உள்ளே மடிப்பு நிற்கிறது, மூத்திரம் அடைபட்டிருக்கிறது, அல்லது ஈற்று தொடங்கிவிட்டது. எதுவானாலும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

ஈற்று நெருங்குவதற்கு அடையாளம் மடி விம்மிக் காம்பு நிமிர்வது, வாலடியில் குழி விழுவது, உதடு தளர்ந்து சளிக்கயிறு தொங்குவது, மாடு உட்கார்ந்து எழுந்து தவிப்பது. முதல் மூன்று தெரியும்போதே அவிழ்த்துவிடுங்கள், நாலாவது வரை காத்திருக்க வேண்டாம். தையலோடு கன்று வந்தால் கன்று மூச்சடைத்துச் சாகும், அல்லது மாட்டின் பின்பக்கம் ஆசனவாய் வரை கிழியும். அவிழ்த்த பிறகு திரும்பத் தள்ளினால் கயிறு கட்டுப் போட்டுச் சமாளித்துவிடலாம். ஒரு நாள் முன்னால் அவிழ்ப்பதால் வரும் நஷ்டம் சின்னது. பனிக்குடம் உடைந்து மாட்டில் இரண்டு மணி நேரம், ஆட்டில் ஒரு மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் இல்லையென்றால் கருப்பை வாய் திறக்காமல் இருக்கலாம். நாள்பட வெளியே காய்ந்து கிடந்த கருப்பை வாய் இறுகிப்போய்விடும், செம்மறியில் இது அதிகம். இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், பல நேரம் அறுவைதான் வழி.

இந்த ஈற்றில் தள்ளிய செம்மறியைக் குட்டி பால் மறந்ததும் விற்றுவிடுங்கள், அதன் பெண் குட்டியையும் வளர்ப்புக்கு வைக்காதீர்கள். மாட்டில் முடிவு அவ்வளவு எளிதில்லை. பால் நன்றாகக் கறக்கும் மாடு என்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த சினையில் ஆறாம் மாதத்திலேயே பின்பக்கத்தை உயர்த்திவிட்டு, தீனியைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். விற்பதாக இருந்தால் வாங்குபவரிடம் இது அடி தள்ளிய மாடு என்று சொல்லிவிட்டே விற்க வேண்டும்.